சி.டி. பிடித்த இரண்டாயிரம்

சிவகாசியில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு ஆலை ஒன்று ஜூலை 1 அன்று 1,00,000 ரூபாய்க்குப் பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நாளில் கொடுத்தால் 2% கழிவு, இல்லையென்றால் 30 நாளில் முழுத்தொகை என்பது கெடு. ஜூலை 18 அன்று 98,000 ரூபாய் வருகிறது. கேட்டால், "சி.டி. பிடிச்சுட்டோம்ணே" என்கிறார்கள்.

வாங்கியவர் பொய் சொல்லவில்லை. சரக்கை ஜூலை 9 அன்று கணக்கில் ஏற்றி, அவருடைய மென்பொருள் அன்றிலிருந்து பத்து நாளை எண்ணிவிட்டது. விற்றவர் பில் தேதியிலிருந்து எண்ணினார். ஒரே பில்லுக்கு இரண்டு காலண்டர்.

இன்னொரு தவறும் நடக்கிறது. காகித ஆலைக்குக் கொடுக்க வேண்டிய கணக்கில் இருக்கும் அதே கெடுவை வரவேண்டிய கணக்கிலும் அப்படியே பதிந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12% வட்டி ஓவர்டிராஃப்டில் 98,000 எடுத்து, இருபது நாள் முன்னதாகக் கொடுத்தால் வட்டி சுமார் 644 ரூபாய். மிச்சமாகும் கழிவோ 2,000. வாங்கும்போது இது லாபம். நீங்கள் விற்கும்போது அதே இருபது நாளுக்கு 2,000 கொடுக்கிறீர்கள், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய 37%. கந்துவட்டிக்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். ஓவர்டிராஃப்ட் வரம்பு முடிந்துபோன மாதத்துக்கு மட்டும் பொருந்தும் சலுகை இது.

ஆகவே கழிவு தருவதானால் பில்லிலேயே எழுதுங்கள்: "பில் தேதியிலிருந்து 10 நாள், எங்கள் வங்கிக் கணக்கில் பணம் சேரும் நாளே கணக்கு, கழிவு வரி சேராத தொகைக்கு." கெடு தாண்டிக் குறைத்து அனுப்பினால் பில்லை முடித்துவிடாதீர்கள். 2,000 பாக்கி நிற்கட்டும்; அன்றே மின்னஞ்சல் போகட்டும். இரண்டு முறை பேசாமல் தள்ளுபடி எழுதினால், மூன்றாம் முறை அது "நம்ம வழக்கம்" ஆகிவிடும்.

சட்டம் எங்கே உதவும்? உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளரும் சேவை தருபவரும் 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறார்கள். எழுத்தில் 90 நாள் என்று ஒப்புக்கொண்டிருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு செல்லாது. எழுத்தே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது கிடைக்காது. சரக்கில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் மாதம் வரும் "குவாலிட்டி பிரச்சினை"க்கு அங்கே மதிப்புக் குறைவு.

பிடித்த கழிவும் பாக்கித்தொகைதான். இந்தச் சட்டத்தின்கீழ் புகார் பதியும்போது ஆர்டர், பில், சரக்கு பெற்ற கையெழுத்து, நீங்கள் அன்றே அனுப்பிய மின்னஞ்சல் நான்கும் கையில் இருக்கட்டும்.