வட-வடமேற்கு என்றால் எத்தனை பாகை?

புத்தளம் களப்பின் கரையோரக் கிராமம் ஒன்றில் நடந்த மாலை வகுப்பில், கடல்வழிப் பயிற்சிக்கென ஒரு சிறிய தாளைக் கொடுத்தோம். அதிலிருந்த முதற் கேள்வி இதுதான்: "புத்தளத்திலிருந்து புறப்படும் ஒரு படகு கற்பிட்டியை நோக்கி வட-வடமேற்காகச் செல்கிறது. அதன் திசைகோளைப் பாகையில் தருக."

தாள்களைத் திருப்பி வாங்கிப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் 157½ பாகை என்று எழுதியிருந்தார்கள். எப்படி வந்தது என்று கேட்டோம். "வடக்கு 0 பாகை. வடமேற்கு 315 பாகை. வட-வடமேற்கு இரண்டுக்கும் நடுவில். இரண்டையும் கூட்டினால் 315, பாதி 157½." கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு பிழையும் இல்லை. ஆனால் புத்தளத்தில் நின்றுகொண்டு 157½ பாகையில் முகத்தைத் திருப்பினால் தெற்கும் தென்கிழக்கும் கலந்த திசையில், உள்நாட்டுத் தரையைப் பார்த்தபடி நிற்போம். அந்த வழியில் படகு போகாது. உழவு இயந்திரம்தான் போகும்.

இந்தப் பிழை எங்கே நுழைந்தது என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்த குடும்பங்களில் வயலையும் தோட்டத்தையும் மட்டுமே அறிந்திருந்தவர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகளுள் சிலர் இன்று வள்ளத்தில் கூலிக்குப் போகிறார்கள். கடலோரத்திலேயே பிறந்தவனுக்குத் திசை காற்றின் பெயரோடு ஒட்டி வருகிறது. வயலிலிருந்து வந்தவனோ அதைக் கணக்காகத்தான் கற்க வேண்டியிருக்கிறது. படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவியின் திரை ஒருசமயம் NNW என்று எழுத்திலும், ஒருசமயம் 338 என்று எண்ணிலும் திசையைக் காட்டும். இரண்டும் ஒன்றே என்பது உடனே விளங்காவிட்டால், கருவி கையில் இருந்தும் பயனில்லை. சாதாரண தரக் கணித பாடத்தில் திசைகோள் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே இடத்தில்தான் புள்ளிகள் போகின்றன.

முதலில் வட்டத்தைப் பார்ப்போம். வடக்கில் தொடங்கி, மணிக்கூட்டு முள் சுழலும் பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 360 பாகை. கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. இந்த நான்கையும் மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் பாதி பாதியாகப் பிரிப்பதால் வருபவை. ஒரு பழைய நாட்காட்டித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலை 90 பாகை. அந்த மூலையின் இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மடித்தால் 45 பாகை. இது வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவிலுள்ள வடகிழக்கு. இன்னொரு முறை மடித்தால் 22½ பாகை, இது வட-வடகிழக்கு. மூன்றாம் முறையும் மடித்தால் 11¼ பாகை வரும். பழைய அரபு மாலுமிகளும் ஐரோப்பிய மாலுமிகளும் வட்டத்தை 32 கூறுகளாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒரு கூறு இந்த 11¼ பாகைதான். எமது பயிற்சிக்கு இரண்டாம் மடிப்போடு நிறுத்திக்கொள்வோம். அதில் 16 திசைகள் கிடைக்கின்றன.

இனிப் பெயரை வாசிக்கும் முறை. மூன்று சொல் கொண்ட திசைப் பெயர் எதுவானாலும் முதலில் நிற்பது நேர்திசை. பின்னால் நிற்பது மூலைத்திசை. "வட-வடகிழக்கு" என்றால் வடக்குக்கும் வடகிழக்குக்கும் சரிநடு. "கிழக்கு-வடகிழக்கு" என்றால் கிழக்குக்கும் வடகிழக்குக்கும் சரிநடு. இரண்டிலும் வடகிழக்கு என்ற சொல் இருக்கிறது. ஆனால் முதலாவது வடக்கின் பக்கம் சாய்ந்தது, மற்றது கிழக்கின் பக்கம் சாய்ந்தது. ஆகவே முதலாவது 0க்கும் 45க்கும் நடுவில் 22½. மற்றது 90க்கும் 45க்கும் நடுவில் 67½. தென்பக்கமும் இப்படியே: கிழக்கு-தென்கிழக்கு 112½, தெற்கு-தென்கிழக்கு 157½, தெற்கு-தென்மேற்கு 202½, மேற்கு-தென்மேற்கு 247½. மேற்கைத் தாண்டினால் மேற்கு-வடமேற்கு 292½. இதுவரை கூட்டிப் பாதியாக்கும் முறை எங்கும் பிழைக்காது.

பிழைப்பது கடைசித் திசையில் மட்டுமே. வடக்குக்கு இரண்டு எண்கள் உண்டு. சுற்றத் தொடங்கும்போது அது 0. சுற்றி முடித்துத் திரும்பி வரும்போது அதே வடக்கு 360. வயலைச் சுற்றி வரம்பில் நடப்பவர் புறப்பட்ட மூலைக்கே திரும்பி வருகிறார். மூலை ஒன்றுதான், ஆனால் இப்போது அவர் முழுச் சுற்றும் நடந்திருக்கிறார். வடமேற்கு 315 என்பது சுற்றின் கடைசிப் பகுதியில் இருப்பது. அதற்கு அருகிலுள்ள வடக்கு, நடந்து முடித்த வடக்கு, அதாவது 360. ஆகவே 315ஐயும் 360ஐயும் கூட்டினால் 675; பாதி 337½. இதுவே சரியான விடை. பிள்ளைகள் எழுதிய 157½ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 180. அதாவது இந்தப் பிழை கொஞ்சம் விலகிப்போகும் பிழையல்ல. நேர் எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் பிழை.

இதைக் கண்டுபிடிக்க வேறு கணக்குத் தேவையில்லை. விடையை எழுதியதும், அது எந்த இரு நேர்திசைகளுக்கு இடையில் விழுகிறது என்று பார்த்தால் போதும். பெயரில் வடக்கும் மேற்கும் இருந்தால் விடை 270க்கும் 360க்கும் இடையில் இருக்க வேண்டும். 157½ என்பது 90க்கும் 180க்கும் இடையில், கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவில் விழுகிறது. பெயரில் இல்லாத திசை விடையில் வந்தால் கணக்கில் ஏதோ தவறு.

அடுத்து, கிடைத்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. தேசப்படத்தில் புத்தளம் நகரையும் கற்பிட்டியையும் கோட்டால் இணைத்துப் பாகைமானி வைத்து அளந்தோம். 340க்கும் 345க்கும் இடையில், ஏறத்தாழ 343 வந்தது. வட-வடமேற்கு என்பதோ 337½. அப்படியானால் பெயர் பொய்யா? இல்லை. வட்டத்தை 16 ஆகப் பிரித்தால் ஒவ்வொரு பெயரும் 22½ பாகை அகலமுள்ள ஒரு துண்டைக் குறிக்கிறது. நாம் எழுதும் 337½ அந்தத் துண்டின் நடு மட்டுமே. 326¼ தொடங்கி 348¾ வரை எதுவும் வட-வடமேற்கு என்றே அழைக்கப்படும். பெயரைப் பாகையாக மாற்றும்போது, சொன்னவர் அறிந்திருந்ததைவிடத் துல்லியமாக எமக்குத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. 

இங்கே வித்தியாசம் ஏறக்குறைய 6 பாகை. அது நீரில் எவ்வளவு? மாலுமிகள் கையாளும் ஓர் எளிய விகிதம் உண்டு: ஒரு பாகை பிழைத்தால், 60 கிலோமீற்றர் சென்றபின் ஒரு கிலோமீற்றர் விலகியிருப்போம். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் நேர்கோட்டுத் தூரம் 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 6 பாகை பிழைத்தால் அத்தூரத்தில் 2 கிலோமீற்றருக்கு மேல் விலகல். பகலில் கரை தெரியும் களப்பினுள் இதனால் மோசமில்லை. கரை மறைந்த வெளிக்கடலில் 2 கிலோமீற்றர் தள்ளியுள்ள வலையின் மிதவை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பயிற்சித் தாளில் பெயர் போதும். கடலில் பாகை கிடைக்குமானால் பாகையையே வைத்துக்கொள்ள வேண்டும். (களப்பில் ஆழமில்லாத இடங்களும் தீவுகளும் இருப்பதால் எவரும் இந்த நேர்கோட்டில் ஓடுவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம். இது கணக்குக்கான கோடு.)

இன்னொரு குழப்பம் காற்றினால் வருவது. படகின் திசை என்பது அது போகும் பக்கம். காற்றின் திசை என்பது அது வரும் பக்கம். வானொலியில் "வடகிழக்குக் காற்று" என்றால் வடகிழக்கிலிருந்து வருவது, அதுவே வாடை. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. எமது வகுப்பில் ஒரு கேள்வி: வட-வடகிழக்குக் காற்றில் இயந்திரம் நின்றுபோன படகு எப்பக்கம் தள்ளப்படும்? வட-வடகிழக்கு 22½. அதனோடு 180ஐக் கூட்டினால் 202½, அதாவது தெற்கு-தென்மேற்கு. கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குப் பக்கக் கடலில் இது கரையை விட்டு விலகும் திசை. நீரோட்டமும் சேர்ந்து இழுப்பதால் படகு சரியாக இந்தக் கோட்டில் போகாது. ஆனால் தேடி வருபவர்களிடம் முதலில் எப்பக்கம் பார்க்கச் சொல்வது என்பது தெரியும். 22½ என்றே எழுதிவிட்ட பிள்ளை, தேடுபவர்களை வடக்கே அனுப்பியிருக்கும். 180ஐக் கூட்டும்போது 360ஐத் தாண்டினால் 360ஐக் கழித்துவிட வேண்டும். அல்லது முதலிலேயே கூட்டாமல் 180ஐக் கழிக்கலாம்.

கடைசியாகத் திசைகாட்டியைப் பற்றி. அதன் முள் காட்டும் வடக்கு தேசப்படத்தின் வடக்கு அல்ல. எமது பகுதியில் முள் ஏறத்தாழ 2 பாகை மேற்கே விலகி நிற்கிறது. ஆகவே தேசப்படத்தில் 343 என்று அளந்ததைத் திசைகாட்டியில் ஏறத்தாழ 345 என்று பிடிக்க வேண்டும். சிறு திசைகாட்டிகளில் 5 பாகைக்கு ஒரு கோடுதான் இருக்கும். ஆகவே இந்த இரண்டு பாகையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது படகிலுள்ள இரும்பைப் பற்றி. நங்கூரமோ இயந்திரமோ அருகில் இருந்தால் முள் பத்துப் பதினைந்து பாகைகூட நகரும். பயிற்சியின்போது ஒரு பிள்ளை திசைகாட்டியைக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடை எழுதியதைக் கண்டோம். கத்தியை எடுத்தவுடன் முள் ஆடி வேறிடத்தில் நின்றது. கரையில் நிற்கும்போதே, தெரிந்த ஒரு கோபுரத்தையோ பனையையோ நோக்கிப் பிடித்து, பொருட்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள்; எண் மாறினால் அந்தப் பொருளுக்குத் திசைகாட்டியின் அருகில் இடமில்லை.