மஜ்ஜை நிறைய இருக்கிறது, ரத்தத்தில் இல்லை

ஹீமோகுளோபின் 8.4. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், வயது 71, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இந்த எண்ணோடு வீடு திரும்பினால் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பேரீச்சம்பழம் வரும், முருங்கைக்கீரை வரும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சுவரொட்டி வரும். கூடவே இரும்புச்சத்து மாத்திரை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 8.1. "வயசாயிடுச்சு, இனிமே அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்தக் கண்டக்டர் குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்ல. ரத்தநோய்ப் பிரிவுகளில் அடிக்கடி வந்து உட்காரும் பலருடைய சாயலில் இந்தக் கட்டுரைக்காக அமைத்துக்கொண்டவர். ஆனால் அவர் வீட்டில் சொல்லப்பட்ட காரணம் தவறு. ஆணுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதால் மட்டும் ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்காது. வேறு ஏதோ ஒன்று இறக்குகிறது.

அது என்ன என்பதற்கான தடயம் அந்தச் சீட்டிலேயே, யாரும் படிக்காத வரிகளில் இருக்கிறது. எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன் அது. 80-லிருந்து 100 வரை இயல்பு. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். இவருக்கோ 106. அணுக்கள் பெருத்திருக்கின்றன. அப்படியென்றால் இரும்பு மாத்திரை பலிக்காததில் வியப்பில்லை. இன்னும் கீழே போனால் வெள்ளையணு 2,900, பிளேட்லெட் 92,000. பிளேட்லெட் குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை, பிளேட்லெட் என்று மூன்றும் ஒன்றாகச் சரிந்தால், அவை மூன்றும் பிறக்கும் இடத்தில்தான் கோளாறு தேட வேண்டும். அந்த இடம் எலும்பு மஜ்ஜை.

நல்ல மருத்துவர் உடனே மஜ்ஜைக்குப் போய்விட மாட்டார். முதலில் பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு, கல்லீரல் எல்லாம் பார்ப்பார். மது உண்டா என்று கேட்பார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பையைத் திறந்து காட்டச் சொல்வார். இதில் பி12-க்குத் தனி இடம் உண்டு. சைவ உணவுக்காரர்களிடமும், சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடமும் அது குறைவாக இருக்கலாம். அந்தக் குறைவு இந்த நோயை அச்சு அசலாக நடிக்கும்; மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜையைப் பார்த்தாலும் ஏமாற்றும். சில ஊசிகளில் சரியாகிவிடக்கூடியதைப் புற்றுநோய் என்று எழுதிவிடக் கூடாது அல்லவா?

கண்டக்டருக்கு எல்லாமே இயல்பாக இருந்தன. அதன் பிறகுதான் மஜ்ஜைப் பரிசோதனை. முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள் என்று பயந்தே பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஊசி முதுகுத்தண்டுக்குப் போவதே இல்லை. இடுப்புக்குப் பின்புறம் தட்டினால் தெரியும் எலும்பில், மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு, கொஞ்சம் மஜ்ஜை நீரையும் பென்சில் முனை அளவு எலும்புத் துணுக்கையும் எடுப்பார்கள். உறிஞ்சும்போது சில விநாடிகள் சுருக்கென்று இழுக்கும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

முடிவு வரும்போதுதான் விசித்திரம். ரத்தத்தில் அணுக்கள் இல்லை. மஜ்ஜையும் வற்றிக் கிடக்கும் என்றுதான் எவரும் நினைப்பார். பெரும்பாலான நோயாளிகளிடம் அது நிரம்பி வழிகிறது. சூளை நிறையப் பானை அடுக்கியிருந்தும் சந்தைக்கு வருவதற்குள் பாதி உடைந்துபோவது போன்ற நிலை இது. இயல்பான உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் உருவாகி வெளியே வருகின்றன. இங்கே மஜ்ஜையின் மூல அணு ஒன்றின் மரபணுவில் பிழை விழுந்து, அதன் வாரிசுகளே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த வாரிசுகள் கோணல்மாணலாக வளர்ந்து, முதிர்வதற்கு முன்பே மஜ்ஜைக்குள் செத்து விழுகின்றன. இதற்குப் பெயர் மயிலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எம்.டி.எஸ். மரபணுப் பிழைகள் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவதால் இது முதியவர்களின் நோயாக இருக்கிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். வேறு புற்றுநோய்க்காக எப்போதோ எடுத்துக்கொண்ட கீமோதெரபி, கதிர்வீச்சு சிகிச்சைகளின் பின்விளைவாகவும் சிலருக்கு வருகிறது.

இனி ரத்தப் புற்றுநோய்க்கு வருவோம். மஜ்ஜையில் முதிராத குழந்தை அணுக்கள் எப்போதும் கொஞ்சம் உண்டு. அவற்றுக்கு பிளாஸ்ட் என்று பெயர். இயல்பாக 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். அவை 20 சதவீதத்தைத் தொட்டால் அக்யூட் மயிலாய்டு லுகேமியா, அதாவது தீவிர ரத்தப் புற்றுநோய். இந்த எல்லைக்கோடு மனிதர் போட்டது என்பதை மறக்கக் கூடாது. முன்பு 30 சதவீதமாக இருந்ததை 2001-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 20-க்கு இறக்கியது. 19 சதவீதம் இருப்பவர் பாதுகாப்பாகவும் 20 இருப்பவர் ஆபத்திலும் இருக்கிறார் என்று உடலுக்குத் தெரியாது. எம்.டி.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தக் கோட்டைக் கடக்கிறார்.

அந்த ஒருவர் யார்? இதைக் கணிக்கத்தான் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 1997-இல் உருவாகி, ஏழாயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் விவரங்களை வைத்து 2012-இல் திருத்தப்பட்டது. பிளாஸ்ட் சதவீதம், குரோமோசோம் கோளாறு, ஹீமோகுளோபின், பிளேட்லெட், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு வகை ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் உண்டு. இதில் மட்டும் மதிப்பெண் ஏற ஏற நிலைமை மோசம்.

கண்டக்டருக்குப் போட்டுப் பார்ப்போம். பிளாஸ்ட் 2 சதவீதம், அதற்குப் பூஜ்யம். குரோமோசோம்கள் இயல்பு, அதற்கு 1. ஹீமோகுளோபின் எட்டுக்கும் பத்துக்கும் இடையில், அதற்கு இன்னொரு 1. பிளேட்லெட்டுக்கு அரை. நியூட்ரோஃபில் 1,300, அது போதும் என்பதால் பூஜ்யம். மொத்தம் 2.5, குறைந்த அபாயப் பிரிவு. அந்த ஆய்வில் இந்தப் பிரிவினரில் பாதிப் பேர் ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். மிக அதிக அபாயப் பிரிவில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்தைக்கூடத் தாண்டவில்லை. இரண்டு பிரிவுக்கும் நோயின் பெயர் ஒன்றுதான். அதனால், "எம்.டி.எஸ். என்றால் எத்தனை நாள்?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, இவருடைய மதிப்பெண் என்ன என்றுதான் கேட்க வேண்டும்.

குறைந்த அபாயத்தில் சிகிச்சையின் நோக்கம் ரத்தத்தைத் தேற்றுவது. இந்தக் கண்டக்டருக்கு வாரம் ஒருமுறை எரித்ரோபாய்டின் ஊசி. சிறுநீரக நோயாளிகளுக்குப் போடும் அதே ஊசிதான். ஹீமோகுளோபின் பத்துக்கு ஏறி, ஒன்றரை வருடம் நின்றது. மஜ்ஜையில் ஐந்தாவது குரோமோசோமின் ஒரு துண்டு மட்டும் அறுந்துபோயிருக்கும் சிலர் உண்டு. அவர்களுக்கு லெனாலிடோமைட் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும். குரோமோசோம் பரிசோதனைக்குச் செலவு எதற்கு என்று விட்டுவிட்டால் இது தெரியவே வராது.

ஊசி பலிப்பது நின்றதும் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. ஒரு யூனிட் ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. உடல் ஒரு நாளைக்கு வெளியேற்றுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் படியும். இருபது முப்பது யூனிட்டுக்குப் பிறகு இரும்பை வெளியேற்ற மாத்திரை தேவைப்படுவது இதனால்தான். வீட்டில் யாரோ பாசத்தோடு தொடர்ந்து வாங்கிக் கொடுக்கும் இரும்பு டானிக்கை அப்போதாவது நிறுத்த வேண்டும்.

நோய் திசை மாறுவதைக் கவனித்தால் பிடிக்கலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிய ரத்தம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகிறது. தாடை ஈறில் ரத்தம் கசிகிறது, காலில் சிவப்புப் புள்ளிகள். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பிளாஸ்ட் என்ற சொல் தலைகாட்டுகிறது. இந்த மூன்றில் எது வந்தாலும் மஜ்ஜையை மறுபடி பார்க்க வேண்டும். கண்டக்டருக்கு இரண்டாம் முறை பார்த்தபோது பிளாஸ்ட் 8 சதவீதம், ஏழாவது குரோமோசோம் ஒன்று காணாமல் போயிருந்தது. ஹீமோகுளோபின் 7.6, பிளேட்லெட் 41,000, நியூட்ரோஃபில் 700. கூட்டினால் 8 மதிப்பெண். ஆறைத் தாண்டினாலே மிக அதிக அபாயம். இன்னும் லுகேமியா இல்லை. ஆனால் காத்திருக்க நேரமும் இல்லை.

இந்த வேகத்துக்கு அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் ஓர் உதாரணம். எழுபதுகளில் மார்பகப் புற்றுநோய், 1998-இல் கருப்பைப் புற்றுநோய் என்று இரண்டையும் கடுமையான சிகிச்சைகளால் கடந்தவர். 2004-இல் எம்.டி.எஸ். கண்டுபிடிக்கப்பட்டது. சியாட்டிலில் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டார். அது கைகொடுக்கவில்லை, அந்த வருடம் டிசம்பர் 28-இல் லுகேமியாவால் இறந்தார், வயது 71. ஆனால் லுகேமியா வந்தால்தான் ஆபத்து என்று நினைப்பதும் தவறு. விண்வெளி அறிவியலாளர் கார்ல் சேகனுக்கும் இதே நோய்தான். தங்கை கொடுத்த மஜ்ஜையை மூன்று முறை ஏற்றிக்கொண்டார். 1996-இல், 62 வயதில், அவரைக் கொண்டுபோனது நிமோனியா.

நோயை அடியோடு நீக்கக்கூடியது மஜ்ஜை மாற்று ஒன்றுதான். உடன்பிறந்தவர் பொருந்தாவிட்டால் பாதி பொருந்தும் மகனோ மகளோ கொடுக்கவும் இப்போது வழி இருக்கிறது. ஆனால் இதயம், சிறுநீரகம் எல்லாம் தாங்க வேண்டும். எழுபதைத் தாண்டிய பலருக்கு அது கூடிவராது. அவர்களுக்கு அசாசிடிடின் ஊசி. மாதத்தில் ஏழு நாள், வயிற்றிலோ தொடையிலோ போடுவார்கள். நோயை ஒழிக்காது, ஆனால் லுகேமியாவைத் தள்ளிப்போட்டு ஆயுளைக் கூட்டும். இதில் குடும்பங்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் இரண்டு மாதத்தில் அணுக்கள் முன்பைவிடக் கீழே இறங்கும். "ஊசி போட்ட பிறகுதான் அப்பா மோசமாயிட்டார்" என்று நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும்.

அந்த மாதங்களில் பார்த்துக்கொள்ள வேண்டியது காய்ச்சலை. நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கும் ஒருவருக்கு 101 டிகிரி என்பது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய விஷயம் அல்ல. ரத்தத்தில் கிருமி பரவச் சில மணி நேரம் போதும். நரம்பு வழி ஆன்டிபயாடிக் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பதே மருத்துவமனைகளின் இலக்கு. வீட்டில் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டால் தெர்மாமீட்டரில் எண் குறையும், கிருமி குறையாது. அதனால் இந்த நோயாளிகளின் வீட்டில் தெர்மாமீட்டரோடு, இரவில் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிய தாளும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டும் ஒரே கவரில் இருக்கட்டும் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள்.