கடலோர வீட்டு ஜன்னலுக்கு எந்தச் சட்டம்?

சென்னையில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு கட்டுகிறவர்கள், ஜன்னலுக்கு அலுமினியமா, யூபிவிசியா, தேக்கா என்று கேட்கிறார்கள். கிழக்குப் பார்த்த, ஐந்தடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள ஒரு ஜன்னலை மனதில் வைத்துக்கொண்டு பதில் தேடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழைச்சாரல் அதன்மேல் நேராக வந்து மோதும். மற்ற மாதங்களில் உப்புக்காற்று.

முதலில் மரம். நன்றாக உலர்ந்த தேக்கு, காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும். வெயில் காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் அது பெரும்பாலும் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலம் 0.2 சதவீதம் வரை கூடலாம். நம் ஜன்னலில் இரண்டு கதவுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு செங்குத்துச் சட்டங்கள், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 360 மில்லிமீட்டர் மரம். மழைக்காலத்தில் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 16 ஆனால், கதவுகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பருக்கும். கதவு சிக்குவது இதனால்தான். உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்வது பெரிய தவறு. சித்திரையில் மரம் சுருங்கும்போது இழைத்த இடமெல்லாம் இடைவெளியாக நிற்கும். அடுத்த மழையில் சாரல் அதன் வழியாகத்தான் வரும்.

மரத்தில் முதலில் கெடுவது கதவின் அடிமுனை. செங்குத்துச் சட்டத்தின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது, தண்ணீரை மேலே இழுப்பதும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயின்டர்கள் அதை விட்டுவிடுவார்கள். கதவை மாட்டுவதற்கு முன்பே அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மரம் வெறுமையாக இருந்தால் அங்கேயே இரண்டு கை பூசச் சொல்லுங்கள். மூன்றிலும் விலை அதிகம் நல்ல தேக்குக்கே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சுச் செலவும் உண்டு. ஆனால் கெட்டுப்போன அடிச்சட்டத்தை மட்டும் வெட்டி மாற்ற முடிவது மரத்தில்தான்.

அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிக்காது. ஆனால் உப்பு அதன் மேல்தோலை ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதைத் தடுப்பது மேலே உள்ள பவுடர் கோட்டிங்தான். 60 மைக்ரானுக்குக் குறைவாக இருக்கக் கூடாது. வெட்டிய முனையிலும் திருகு இறங்கிய துளையிலும் கோட்டிங் இருக்காது. அங்கே சாதாரண இரும்புத் திருகைப் போட்டால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் அலுமினியம் வேகமாக அரிபடும். திருகைச் சுற்றி வெள்ளைத் தூள் கிளம்பினால் அதுதான் அடையாளம். கடலோரத்தில் 316 ரகத் துருப்பிடிக்காத திருகு வேண்டும். ஏசி அறையில் இன்னொரு தொல்லை: உள்ளே 24 டிகிரிக்குக் குளிர்ந்த அலுமினியம், குளிரை எளிதாக வெளிப்பக்கம் கடத்திவிடும். ஈரக்காற்று அதன்மேல் பட்டு வியர்க்கும். மரமும் யூபிவிசியும் அப்படிக் கடத்துவதில்லை.

யூபிவிசி ஈரத்தைக் குடிக்காது, கரையான் தொடாது, பெயின்ட் வேண்டாம். சாதாரண அலுமினியத்தைவிட விலை கூடுதல், நல்ல தேக்கைவிடக் குறைவு. வெயிலில் நீள்வதுதான் இதன் குணம். ஐந்தடிச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்தான். எனவே சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடம் விட்டு, ஃபோமும் சிலிகானும் போட வேண்டும். கொத்தனார் அந்த இடத்தில் சிமென்ட்டை அடைத்துவிட்டால் சட்டம் வளையும், கொண்டி பொருந்தாது. சட்டத்தின் உள்ளே வலுவுக்கு இரும்புக் குழாய் ஓடுகிறது. தண்ணீர் வடியும் துளையை இடம் மாற்றிப் போட்டு அந்த அறைக்குள் நீர் இறங்கினால், வெளியே பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே துருப்பிடிக்கும். துளையில் செம்பழுப்புக் கறை வழிகிறதா என்று பாருங்கள்.

சாரலைத் தடுப்பதில் பொருளைவிடத் திறக்கும் முறைக்கே பங்கு அதிகம். ஸ்லைடிங் ஜன்னல் நகர வேண்டும் என்பதால், அதன் ஓரத்தில் இருப்பது பிரஷ் போன்ற நார்தான். காற்றோடு வரும் தண்ணீர் அதனூடே புகும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலில் கொண்டி போட்டதும் கதவு ரப்பர் கேஸ்கெட்டை அழுத்துகிறது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால் தெரியும். தடையில்லாமல் வந்தால் அழுத்தம் போதவில்லை. ஸ்லைடிங்தான் வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் கீழ் டிராக்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது வெளிப்பக்கமாக வடிந்துவிட வேண்டும். தேங்கினால் துளை அடைத்திருக்கிறது, அல்லது துளையே இல்லை.

கிழக்குச் சாரல் நேரே அடிக்கும் அந்த ஜன்னலுக்கு நான் சொல்வது, கீல் வைத்த யூபிவிசி. சன்ஷேடு ஆழமாக இறங்கி, சாரல் படாத பக்கத்துக்குத் தேக்கு தாராளமாக வைக்கலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அலுமினியம். திருகிலும் கோட்டிங்கிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மாதம் ஒருமுறை உப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.