கேஸ் ஷீட்டுக்குள் நுழையும் கேலி

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில், இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர்கள் பீட்சாவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். அப்போது குண்டடிபட்ட இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். எவ்வளவோ போராடியும் காப்பாற்ற முடியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு பீட்சா கொண்டுவந்த வழியில்தான் அவன் சுடப்பட்டிருந்தான். பெட்டி வெளியே கிடந்தது. பசியோடு அதைத் திறந்தபோது ஒருவர் கேட்டார்: “இவனுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கலாம்?” எல்லோரும் சிரித்தார்கள், சாப்பிட்டார்கள், அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்கள்.

மருத்துவ அறவியல் ஆய்வாளர் கேட்டி வாட்சன் 2011இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவம் வருகிறது. கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் வாட்சன் அந்தச் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பார்க்கச் சொல்கிறார். அவர் கணிப்பில் அது அந்த இளைஞன் மேல் விழவில்லை, மரணத்தின் மேல் விழுகிறது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. அவனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்த பிறகு வந்த சிரிப்பு அது.

மருத்துவர்களின் எல்லாக் கேலியும் அப்படிப்பட்டதல்ல. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல் ஒரு கூட்டம் தனக்குள் பேசிக்கொள்ளும் சொல்லை நம் இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. மருத்துவமனைக் குழூஉக்குறிகளை வெளியுலகுக்குக் கொண்டுவந்ததில் சாமுவேல் ஷெம் என்ற புனைபெயரில் ஒரு மருத்துவர் 1978இல் எழுதிய ‘தி ஹவுஸ் ஆஃப் காட்’ நாவலுக்குப் பெரிய பங்குண்டு. அதில் வரும் ‘கோமர்’ என்ற சொல், ‘என் அவசரப் பிரிவைவிட்டு வெளியே போ’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. நினைவு தப்பி, குணமாகவும் வழியில்லாமல், திரும்பத் திரும்ப வந்து சேரும் முதியவருக்கு அந்தப் பெயர். அவரை வேறு துறைக்குத் தள்ளிவிடுவது ‘டர்ஃப்’. அந்தத் துறை மறுக்காதபடி அவருடைய குறிப்பேட்டை மெருகேற்றுவது ‘பஃப்’. மெருகு போதாமல் அவர் திரும்பி வந்துவிட்டால் ‘பவுன்ஸ்’. இந்த மூன்று சொற்களுக்குள் ஒரு மருத்துவமனையின் மறைமுக நிர்வாகமே அடங்கியிருக்கிறது! இங்கே கேலி வெறும் பேச்சாக நிற்கவில்லை. நோயாளி எந்த வார்டில் படுக்கிறார் என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது.

‘ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர்’ என்பது இன்னொரு சொல். அடிக்கடி விமானம் ஏறுபவரைக் குறிக்கும் சொல்லை, அடிக்கடி அவசரப் பிரிவுக்கு வருபவருக்குச் சூட்டிவிட்டார்கள். சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் ரத்தசோகை நோயாளிகள் மேல் இது எளிதில் ஒட்டிக்கொள்ளும். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு இந்த நோயில் அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. 120 நாள் வாழ வேண்டியது 10 முதல் 20 நாளில் அழிகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்தால் எலும்புக்குள்ளிருந்து வலி கிளம்பும். நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் இதன் மரபணு இருப்பது 1952இலேயே பதிவாகியிருக்கிறது. இந்த வலியை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றுதான் சான்று. அந்தச் சொல்லின் நம்பகத்தன்மை குலைந்தால் சிகிச்சையின் அடித்தளமே ஆட்டம் காணும்.

அது எப்படிக் குலைகிறது என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். 28 வயது சிக்கிள் செல் நோயாளி ஒருவரைக் கற்பனையாக உருவாக்கி, அவருக்கு இரண்டு விதமாகக் கேஸ் ஷீட் எழுதினார்கள். மருத்துவத் தகவல்கள் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில், ஆண்டுக்கு எட்டுப் பத்து முறை வலி வரும், அப்போது ஓபியாய்டு வகை வலிநிவாரணி தேவைப்படும் என்று இருந்தது. மற்றதில், போதை மருந்தைச் சார்ந்திருப்பவர், நம் அவசரப் பிரிவுக்கு அடிக்கடி வருபவர் என்று இருந்தது. ஒன்றில் ‘வலி இன்னும் பத்துக்குப் பத்து’. மற்றதில் ‘வலி இன்னும் பத்துக்குப் பத்து என்று சாதிக்கிறார்’. 413 மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் ஆளுக்கொரு குறிப்பைப் படித்தார்கள். நோயாளியைப் பற்றிய நல்லெண்ணத்தை 35ஐ உச்சமாகக் கொண்டு அளந்தபோது, முதல் குறிப்பைப் படித்தவர்களின் சராசரி 25.6, இரண்டாவதைப் படித்தவர்களுடையது 20.6. இரண்டாவது குறிப்பைப் படித்தவர்கள் வலிக்குக் கொடுக்க முன்வந்த சிகிச்சையும் குறைவாகவே இருந்தது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது, அந்த இரண்டாவது கேஸ் ஷீட்டின் நாகரிகமான நடைதான். கோமர் போன்ற பட்டப்பெயர் எதுவும் அதில் இல்லை. ஓய்வறையில் பேசும் கொச்சைச் சொல்லை யாரும் அப்படியே எழுதி வைப்பதில்லை. ‘சாதிக்கிறார்’, ‘மறுக்கிறார்’ என்று அது வேட்டி சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது. அடுத்த ஷிப்டில் வருகிற மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன்பே அந்த வரியைப் படித்துவிடுகிறார். இந்த வலியோடு வருபவருக்கு, பதிவு செய்த 60 நிமிடத்துக்குள் முதல் வலிநிவாரணி போக வேண்டும் என்கிறது 2014ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி. ‘சாதிக்கிறார்’ என்று படித்தவர், உண்மையாகவே வலிக்கிறதா என்று யோசிக்கத் தொடங்குவதும் அந்த 60 நிமிடத்துக்குள்தான்.