இரண்டு லட்சத்தை எந்த மாதம் கட்டுவது?

“அண்ணா, போனஸும் சீட்டுப் பணமும் சேர்ந்து இரண்டு லட்சம் கையில் இருக்கு. வீட்டுக் கடன்ல இப்பவே கட்டிடட்டுமா, இல்ல கொஞ்சம் பொறுத்துக் கட்டட்டுமா? எப்ப கட்டினா எவ்வளவு வட்டி மிச்சமாகும்?”

உறவுக்காரத் தம்பி ஒருவர் டீக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அலுவலகத்தில் யாரோ அவரிடம், “பேங்க்காரங்க வட்டியெல்லாம் முதல்லயே எடுத்துக்குவாங்க, பாதிக் காலம் போன பிறகு கட்டி ஒரு பிரயோசனமும் இல்லை” என்று சொல்லியிருக்கிறார்களாம். இந்தப் பேச்சைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை, பாதி பிழை. அதைப் பிரித்துப் பார்த்தால் அவருடைய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

அவருடைய கடனையே எடுத்துக்கொள்வோம். 30 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 26,035 ரூபாய். வட்டி மாறாமலே இருந்தால் 240 தவணையும் கட்டி முடிக்கும்போது வட்டியாக மட்டும் சுமார் 32 லட்சத்து 48 ஆயிரம் போயிருக்கும். வாங்கிய கடனைவிட வட்டி அதிகம்.

ஒவ்வொரு மாதமும் வங்கி செய்யும் கணக்கு மிக எளிது. அன்றைக்கு எவ்வளவு அசல் பாக்கி இருக்கிறதோ, அதற்கு ஒரு மாத வட்டி போடுவார்கள். கட்டும் தவணையில் அந்த வட்டி போக மீதி அசலில் கழியும். முதல் மாதம் 30 லட்சத்துக்கு வட்டி 21,250 ரூபாய். ஆக, கட்டின 26,035-ல் அசலுக்குப் போவது 4,785 ரூபாய்தான். வட்டியை யாரும் முன்கூட்டி எடுத்துக்கொள்வதில்லை. ஆரம்பத்தில் பாக்கி பெரிது, அதனால் வட்டியும் பெரிது. தம்பி இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். மொத்தம் 6 லட்சத்து 25 ஆயிரம் போயிருக்கிறது, அசலில் குறைந்தது 1 லட்சத்து 25 ஆயிரம்கூட இல்லை. பாக்கி இன்னும் 28,75,309 ரூபாய். இதைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. வாடத்தான் செய்யும்.

இப்போது 24-ஆவது தவணையோடு சேர்த்து அந்த இரண்டு லட்சத்தையும் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 26,75,309 ஆகிவிடும். தவணைத் தொகையை மாற்றவில்லை. அடுத்த மாதம் என்ன நடக்கும்? கட்டாமல் இருந்திருந்தால் வட்டி 20,367 ரூபாய், இப்போது 18,950. வித்தியாசம் 1,417 ரூபாய். இரண்டு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி அவ்வளவுதான்.

விஷயம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. தவணை அதே 26,035 என்பதால், மிச்சமான 1,417 ரூபாயும் அசலில் போய்க் கழிகிறது. அதற்கடுத்த மாதம் வட்டிக் குறைவு 2,00,000-க்கு மட்டும் அல்ல, 2,01,417-க்கு. அதாவது 1,427 ரூபாய். அதுவும் அசலுக்கே போகும். இப்படி மாதா மாதம் மிச்சம் மிச்சத்தின்மேல் ஏறுகிறது. கடனுக்குள்ளே 8.5 சதவீதக் கூட்டு வட்டியில் ஒரு டெபாசிட் போட்டதற்கு இது சமம். ஒரே வித்தியாசம், இந்த டெபாசிட் கடன் முடிகிற நாளில்தான் முதிர்கிறது, அதையும் பணமாகத் தருவதில்லை, கட்ட வேண்டியிராத தவணைகளாகத் தருகிறார்கள்.

எத்தனை தவணை? 240-ல் முடிய வேண்டிய கடன் 209-ஆவது மாதமே முடிந்துவிடும், அந்தக் கடைசித் தவணையும் 10,000 சொச்சம்தான். முப்பத்தொரு முழுத் தவணைகளும் கடைசியில் ஒரு பகுதியும் இல்லாமல் போகின்றன. கூட்டினால் 8 லட்சத்து 23 ஆயிரம். அதில் தம்பி போட்ட இரண்டு லட்சத்தைக் கழித்தால், மிச்சமான வட்டி சுமார் 6 லட்சத்து 23 ஆயிரம்.

கம்ப்யூட்டரிலோ போனிலோ எக்செல் இருந்தால் உங்கள் கடனுக்கு இதை ஒரே வரியில் போட்டுப் பார்க்கலாம். வட்டி, தவணை, பணம் கட்டின பிறகு நிற்கும் பாக்கி, இந்த மூன்றும் போதும்:

```
=NPER(8.5%/12, -26035, 2675309)
```

விடை 184.39 என்று வரும். இன்னும் அத்தனை தவணைகள். கட்டாமல் இருந்தால் மீதி 216. வித்தியாசமான 31.61-ஐத் தவணையால் பெருக்கி, கட்டின இரண்டு லட்சத்தைக் கழித்தால் நாம் பார்த்த அதே தொகை.

இனி, அதே இரண்டு லட்சத்தைப் பொறுத்துக் கட்டினால்? 120-ஆவது மாதம் கட்டினால் மிச்சமாகும் வட்டி சுமார் 2 லட்சத்து 41 ஆயிரம். 180-ஆவது மாதம் என்றால் சுமார் 94 ஆயிரம்தான். இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதியதும் தம்பி, “அப்போ ஆபீஸ்ல சொன்னது சரிதானே அண்ணா? பின்னாடி கட்டினா பிரயோசனமே இல்லையே” என்றார்.

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 180-ஆவது மாதம் இரண்டு லட்சம் கட்டுகிறவருக்கும் அடுத்த மாத வட்டி குறைவது அதே 1,417 ரூபாய்தான். ஒரு ரூபாய்கூடக் குறைவில்லை. அதற்கடுத்த மாதம் அதே 1,427. அவருடைய பணமும் 8.5 சதவீதத்தில்தான் வளர்கிறது. மொத்த மிச்சம் சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், வளர்வதற்கு அந்தப் பணத்துக்கு நாலு வருடமே கிடைத்தது. முதல் கணக்கில் அதற்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் கிடைத்தது. ஆகவே எந்த மாதம் கட்டினாலும் பலனின் வீதம் ஒன்றே, காலத்தின் நீளம்தான் வேறு.

இதைப் புரிந்துகொள்ளாமல் நஷ்டப்படுகிறவர்கள் கடனின் கடைசி ஐந்தாறு வருடத்தில் இருப்பவர்கள். “இனிமேல் கட்டி என்ன” என்று பணத்தைச் சேமிப்புக் கணக்கிலோ, கடன் வட்டியைவிடக் குறைவாகத் தரும் டெபாசிட்டிலோ வைத்திருப்பார்கள். டெபாசிட் வட்டிக்கு வருமான வரியும் உண்டு. கடனில் மிச்சமாகும் வட்டிக்கு வரி கிடையாது. அவர்கள் ஒப்பிட வேண்டியது 94 ஆயிரத்தையும் 6 லட்சத்தையும் அல்ல. இன்றைக்கு இந்தப் பணம் வேறெங்கே, வரி போக, 8.5 சதவீதத்துக்கு மேல் உறுதியாகத் தரும் என்பதை மட்டுமே.

அதேபோல 6 லட்சத்து 23 ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது இன்று கையில் வரும் பணம் அல்ல. பதினைந்து வருடத்துக்குப் பிறகு, கட்டாமல் விடும் தவணைகளாக வருவது. அன்றைய ரூபாயின் மதிப்பு இன்றைய மதிப்பாக இராது. கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் முதலில் அதை அடைப்பதுதான் கணக்கு. அவசரச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணத்தையும் இதில் போடக் கூடாது. சாதாரண வீட்டுக் கடனில் கட்டின பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது.

வங்கியில் கட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. “தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா?” என்று கேட்பார்கள், சில இடங்களில் கேட்காமலே தவணையைக் குறைத்துவிடுவார்கள். நம் உதாரணத்தில் தவணையைக் குறைத்தால் அது 24,224 ஆகும். மாதம் 1,811 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் கடன் 240 மாதமும் ஓடும், மிச்சமாகும் வட்டி 1 லட்சத்து 91 ஆயிரம்தான். இதில் வங்கி ஏமாற்றவில்லை. மிச்சத்தை மாதா மாதம் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறது, அதனால் அது கடனுக்குள் வளரவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவில் மாதம் தள்ளுவதே பாடு என்றால் தவணையைக் குறைப்பதில் தவறே இல்லை. அப்படியில்லை என்றால் “தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

தேதி பற்றியும் தம்பி கேட்டார். பாக்கியை அன்றாடம் பார்த்து வட்டி போடும் வங்கி என்றால் மாதத்தின் எந்த நாளில் கட்டினாலும் அன்றிலிருந்தே வட்டி குறையும். ஒரு நாள் தள்ளினால் ஏறத்தாழ 47 ரூபாய். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பாக்கியைப் பார்க்கும் இடமென்றால், அந்தத் தேதிக்கு முந்தைய நாளுக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் ஒரு மாத வட்டி போய்விடும். எந்த முறை என்பது கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். கிளையில் கேட்டாலும் சொல்வார்கள். அபராதக் கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அதை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடனுக்கு மட்டும் கட்டணம் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மாறும் வட்டி என்பதால் நாம் போட்ட கணக்கும் மாறும். வட்டி ஏறினால் மிச்சம் கூடும், இறங்கினால் குறையும். வட்டி மாறும்போதெல்லாம் மேலே உள்ள வரியில் புதிய வட்டியையும் அன்றைய பாக்கியையும் தவணையையும் போட்டு மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

வரிச் சலுகை போய்விடுமே என்று சிலர் தயங்குவார்கள். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு வருடத்துக்கு 2 லட்சம் வரைதான். தம்பி இரண்டு லட்சத்தைக் கட்டின பிறகும் அடுத்த வருட வட்டி இரண்டேகால் லட்சத்துக்கு அருகில் வரும். ஆக, இப்போதைக்குச் சலுகையில் அவருக்கு ஒரு ரூபாயும் குறையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவே கிடையாது.

பணம் கட்டின மறுமாதம் லோன் ஸ்டேட்மென்ட் வாங்கி வட்டிக் கட்டத்தைப் பாருங்கள். தம்பிக்கு அங்கே 18,950-ஐ ஒட்டி இருக்க வேண்டும், தவணை 26,035 என்றே நிற்க வேண்டும். வட்டி 20,367-லேயே நின்றால், கட்டின தொகையை அசலில் கழிக்காமல் வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வரவு வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ரசீதோடு கிளைக்குப் போய், கட்டின தேதியிலிருந்தே அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாதத் தாமதமும் 1,417 ரூபாய்.