பறக்கும் டப்பாக்களுக்கு ஒரு கூண்டு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபால்ஸ் டவுன்ஷிப் என்ற ஊரில் கே-மார்ட் நிறுவனத்துக்கு ஒரு பெரிய கிடங்கு இருந்தது. பரப்பு சுமார் 12 லட்சம் சதுர அடி. தீத்தடுப்புச் சுவர்கள் எழுப்பி அதை நான்கு பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். தண்ணீர் பொழியும் ஸ்பிரிங்ளர்களும் கூரையில் இருந்தன. 1982 ஜூன் 21 அன்று, கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே டப்பாக்கள் அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்று பேலட்டிலிருந்து சரிந்து விழுந்தது. கசிந்த திரவம் பற்றிக்கொண்டது. ஒரு பகுதியில் பிடித்த தீ நான்கு பகுதிகளையும் தின்று முடித்தது. நஷ்டம் 10 கோடி டாலருக்கும் மேல். உயிர்ச்சேதம் இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

சுவரும் இருந்து, தண்ணீரும் இருந்து, எப்படித் தோற்றது? பதில் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. ஸ்பிரேயை வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் நம் சமையல் கேஸ் வகையைச் சேர்ந்ததுதான். டப்பா சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடும், ஒரு கட்டத்தில் அடித்தட்டு பிய்ந்துகொள்ளும். அப்போது டப்பா எரியும் திரவத்தைச் சிந்திக்கொண்டே வாணமாகப் பாயும். கே-மார்ட் கிடங்கில் டப்பாக்கள் இப்படித்தான் சுவர்த் திறப்புகள் வழியே பக்கத்துப் பகுதிகளுக்குப் பறந்தன. விழுந்த இடத்திலெல்லாம் புதுத் தீ. ஸ்பிரிங்ளர் எல்லாம் ஒன்றாகத் திறப்பதில்லை. எந்த முனைக்குக் கீழே சூடு ஏறுகிறதோ அந்த முனைதான் திறக்கும். பல இடங்களில் ஒரே நேரத்தில் தீ பிடித்தால் பல முனைகள் திறந்து, குழாயில் அழுத்தம் குறைந்து, எந்த இடத்துக்கும் போதுமான தண்ணீர் சேராது.

விழுந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். அட்டை சீக்கிரம் பற்றும். அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தீ மேலே இழுத்துக்கொண்டு ஏறும். அதற்காக இடைவெளியை அடைத்துவிடவும் கூடாது, மேலிருந்து வரும் தண்ணீர் இறங்குவதும் அதே வழியில்தான். பாலித்தீன் போன்ற பிளாஸ்டிக், எடைக்கு எடை பார்த்தால், அட்டையைப் போல இரண்டரை மடங்கு சூட்டைக் கக்கும். உருகித் தரையில் ஓடி அடுத்த அடுக்கின் அடியையும் பற்றவைக்கும். அட்டையை மட்டும் மனதில் வைத்துப் போட்ட ஸ்பிரிங்ளர், குடோனில் பிளாஸ்டிக் சரக்கு ஏறிய பிறகு போதாமல் போவது இதனால்தான். சரக்கு மாறினால் தண்ணீர்க் கணக்கையும் திரும்பப் போட வேண்டும்.

ஆகவே பிரித்து வைப்பது என்றால் நடுவில் ஒரு நடைபாதை விடுவது மட்டும் அல்ல. டப்பாவைப் பறக்கவிடாமல் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் ஏரோசால்களுக்கென்றே வைத்திருக்கும் 30பி விதித்தொகுப்பு சொல்லும் எளிய வழிகளில் ஒன்று கம்பிவலைக் கூண்டு. சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் கம்பியில், 5 சென்டிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள வலை, தரையிலிருந்து கூரை வரை இருக்க வேண்டும். வலை தண்ணீரைத் தடுக்காது, டப்பாவைத் தடுக்கும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று அதற்குக் கட்டை முட்டுக்கொடுத்து வைத்தால் கூண்டு கட்டியும் பயனில்லை. தீத்தடுப்புச் சுவரின் கதவுக்கும் இதே கதிதான். அதன் பாதையில் ஒரு பேலட் நின்றால் சுவரில் ஓட்டை போட்டதற்குச் சமம்.

எல்லா ஸ்பிரேயும் ஒன்றல்ல. தண்ணீர் அதிகமுள்ள ஷேவிங் ஃபோம் சாதாரணச் சரக்கோடு சேரலாம். பெயின்ட், கரைப்பான், எண்ணெய் அடங்கியவை கூண்டுக்குள் போக வேண்டும். நசுங்கிய பெட்டியைத் திரும்ப அடுக்கவே கூடாது. ஃபோர்க்லிஃப்டின் முள் குத்திய டப்பாவிலிருந்து கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பேட்டரி சார்ஜ் செய்யும் இடம் வரை போகும். ‘உஸ்’ சத்தமோ கரைப்பான் வாடையோ வந்தால் முதலில் வண்டியை அந்தப் பக்கம் விடாமல் நிறுத்த வேண்டும். அங்கே நின்று சுவிட்சைத் தட்டக் கூடாது.

தீ பிடித்துவிட்டால் எத்தனை நேரம் அணைத்துப் பார்க்கலாம்? ஒரே ஓர் அட்டைப்பெட்டி எரிகிறது, அருகில் ஸ்பிரே இல்லை, முதுகுக்குப் பின்னால் வழி திறந்திருக்கிறது என்றால் மட்டும் ஒரு தீயணைப்பானை எடுக்கலாம், அதுவும் மணியை அடித்த பிறகு. ஒரு டப்பா வெடித்த சத்தம் கேட்டால் போதும், எல்லோரும் வெளியேற வேண்டும்.

ஒத்திகையும் இதற்கேற்றபடி நடக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லி, பிரதான வாசல் வழியாக வரிசையாக நடத்திக் கூட்டிப்போவதில் ஒன்றும் தெரியவராது. பிரதான வாசலில் ஒருவரை நிறுத்தி, “இந்த வழி எரியுது, வேற வழியா போங்க” என்று சொல்லச் சொல்லுங்கள். பின்கதவு பூட்டியிருப்பதும் அதன்முன் காலிப் பெட்டிகள் குவிந்திருப்பதும் அன்றைக்குத்தான் தெரியும். இரவு ஷிஃப்டிலும் ஒருமுறை நடத்த வேண்டும். கூடும் இடத்தில் தலையெண்ணும்போது மஸ்டர் ரோல் மட்டும் போதாது. ஒப்பந்த லோடுமேன்களும், சரக்கு இறங்கும்வரை லாரிக்குள் தூங்கும் டிரைவர், கிளீனரும் அதில் இருக்க மாட்டார்கள். வாயில்காப்பாளர் கேட் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும்.