ரோமானிய மதிலுக்குள் இருந்த வெள்ளைக் கட்டிகள்

ரோமுக்குத் தெற்கே பிரிவெர்னம் என்றொரு பழைய நகரம் இருந்தது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய அதன் மதிலின் கான்கிரீட்டை உடைத்துப் பார்த்தால், ஆங்காங்கே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சில மில்லிமீட்டர் அளவுதான். கலவையைச் சரியாகக் குழைக்காததால் வந்த குறை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் மற்ற ரோமானியக் கட்டடங்களிலும் இதே கட்டிகள் இருந்தன. அத்தனை கொத்தனார்களும் ஒரே தவறைச் செய்திருப்பார்களா? எம்.ஐ.டி. பேராசிரியர் அட்மிர் மாசிச்சின் குழு இந்த ஐயத்தோடுதான் ஆய்வில் இறங்கியது. முடிவு 2023இல் வெளிவந்தது.

ரோமானியக் கலவையின் உயிர் எரிமலைச் சாம்பல். நேப்பிள்ஸ் பக்கத்துப் பொசுவோலியில் தோண்டி எடுப்பார்கள். சுண்ணாம்பும் நீரும் சேரும்போது அந்தச் சாம்பல் தண்ணீருக்கடியிலும் இறுகும். நீருக்கடி வேலைக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு சாம்பல் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். சுண்ணாம்பை முதலில் நீற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் சொன்ன முறை. ஆனால் மதில் வேறு கதை சொன்னது. சுட்ட சுண்ணாம்பை நீற்றாமல் சாம்பலோடு உலர்ந்தபடியே கலந்து, பிறகு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அப்போது கலவை கொதிக்கும். சில இடங்களில் வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் முழுதும் கரையாமல் தங்கியவைதான் வெள்ளைக் கட்டிகள். ரோமானிய நகரான பொம்பெயியில், கி.பி. 79ஆம் ஆண்டு எரிமலை வெடித்தபோது பாதியில் நின்றுபோன ஒரு வீட்டு வேலையில், இப்படி உலர்ந்தபடி கலந்துவைத்த குவியலே பின்னர் கிடைத்தது.

இந்தக் கட்டிகள் எளிதில் பொடியும். விரிசல் விழுந்தால் அவற்றை ஊடுருவியே ஓடும். அதன் வழியே மழைநீர் இறங்கும்போது கட்டியிலுள்ள கால்சியம் கரைந்து, விரிசலுக்குள் கால்சைட் படிகமாகப் படிந்து இடைவெளியை அடைக்கிறது. இதே முறையில் செய்த கான்கிரீட்டில் அரை மில்லிமீட்டர் விரிசல் உண்டாக்கித் தண்ணீர் ஓடவிட்டார்கள். இரண்டே வாரங்களில் நீரோட்டம் நின்றது. சுட்ட சுண்ணாம்பு சேர்க்காத துண்டில் நிற்கவே இல்லை.

இதை மட்டும் வைத்து நம் கான்கிரீட்டை மட்டம் தட்டுவது நியாயமல்ல. நாம் உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறோம். அதனால்தான் வளையும் உத்தரமும் நீண்டு நிற்கும் மாடமும் நமக்குச் சாத்தியம். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிடும். பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்துப் பெயரும். கூரையில் துருக்கறையோடு நீளவாக்கில் ஓடும் கோடு அதன் முதல் அறிகுறி.

ரோமானியர் கம்பி வைக்கவில்லை. அதனால் பாரம் பெரும்பாலும் அழுத்தமாகவே இறங்கும் வளைவுகளையும் குவிமாடங்களையும் கட்டினார்கள். ரோமின் பாந்தியன் கோயிலின் குவிமாடத்தில் அடியில் கனமான கல், உச்சியில் எடை குறைந்த நுரைக்கல் என்று ஜல்லியையே மாற்றிப் போட்டார்கள். ஏறத்தாழ 43 மீட்டர் அகலமுள்ள அந்தக் குவிமாடத்திலும் விரிசல்கள் உண்டு. ஆனாலும் அது விழவில்லை. கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இன்றும் அதுதான்.